கோளத்தில் வரைந்த முக்கோணம் ஏன் 180 டிகிரியைத் தாண்டுகிறது?

உலக உருண்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வட துருவத்தில் விரலை வையுங்கள். அங்கிருந்து 0° தீர்க்கரேகை வழியாகக் கீழே இறங்கினால், ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கம் கினி வளைகுடாவில் பூமத்திய ரேகையைத் தொடுவீர்கள். மறுபடி துருவத்துக்கு வந்து 90° கிழக்குத் தீர்க்கரேகை வழியாக இறங்கினால், சுமத்ராவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலில் போய் நிற்பீர்கள். இந்த இரண்டு இடங்களையும் பூமத்திய ரேகை இணைக்கிறது. ஆக ஒரு முக்கோணம் கிடைத்துவிட்டது. தீர்க்கரேகைகள் பூமத்திய ரேகையைச் செங்குத்தாகத்தான் வெட்டும். அதனால் கீழே இரண்டு கோணமும் 90°. துருவத்தில் 0°க்கும் 90°க்கும் இடைப்பட்ட கோணமும் 90°. கூட்டினால் 270°.

பள்ளியில் படித்த 180° எங்கே போனது? இந்த முக்கோணத்தின் பக்கங்கள் வளைந்தவை, அதனால் இதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் கோளத்தின் மேற்பரப்பை விட்டு வெளியே போக முடியாத ஓர் எறும்புக்கு இவைதான் நேர்கோடுகள். இரண்டு இடங்களுக்கு இடையே இருக்கும் மிகக் குறுகிய வழி இவைதான். இடமோ வலமோ திரும்பாமல் நடந்துகொண்டே இருந்தால் கால் போகிற பாதையும் இதுதான். கோளத்தின் மையத்தின் வழியாக ஒரு தளத்தைச் செலுத்தி வெட்டினால் மேற்பரப்பில் விழும் வட்டமே இந்தக் கோடு. பெருவட்டம் என்று இதற்குப் பெயர். எல்லாத் தீர்க்கரேகைகளும் பெருவட்டத்தின் பாதிகள். அட்சரேகைகளில் பூமத்திய ரேகை மட்டும்தான் பெருவட்டம். மற்ற அட்சரேகைகள் நேர்கோடுகள் ஆகாது. இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

பள்ளிப் பாடத்தில் 180° என்று எப்படி நிறுவினோம்? முக்கோணத்தின் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைவோம். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று காட்டி, கீழே இருக்கும் இரண்டு கோணங்களையும் மேலே கொண்டுவந்து உச்சிக் கோணத்தின் இருபுறமும் ஒட்டவைப்போம். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோணம் ஆகிவிடும். அந்த நிரூபணத்தின் முழுப் பாரமும் அந்த ஒரு இணைகோட்டின் மேல்தான் நிற்கிறது. கோளத்தில் அப்படி ஒரு கோடே கிடையாது. எந்த இரண்டு பெருவட்டங்களை எடுத்தாலும் அவை எதிரெதிரான இரண்டு புள்ளிகளில் சந்தித்தே தீரும். பூமத்திய ரேகைக்குச் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாகக் கிளம்புகிற தீர்க்கரேகைகள் மேலே போகப் போக நெருங்கி, துருவத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. கீழே இரண்டு கோணங்களிலேயே 180° தீர்ந்துவிட்டது. துருவத்தில் உண்டாகும் கோணம் முழுவதும் உபரி.

சரி, உபரி வரும் என்று தெரிகிறது. எவ்வளவு வரும்? இதற்கு ஓர் அருமையான விடை இருக்கிறது. இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் 1603-இல் இதைக் கண்டுபிடித்தும் அச்சிடவில்லை. ஆல்பெர் ஜிரார் 1629-இல் வெளியிட்டார். அதனால் தேற்றம் இன்றும் ஜிரார் பெயரில்தான் இருக்கிறது. நிரூபணத்துக்குப் பரப்பளவைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. ஒரு பந்தும் மூன்று ரப்பர் பேண்டும் இருந்தால் கையிலேயே செய்து பார்க்கலாம்.

முதலில் இரண்டு ரப்பர் பேண்டுகளைப் பெருவட்டங்களாகப் பந்தின் மேல் மாட்டுங்கள். அவை எதிரெதிரான இரண்டு புள்ளிகளில் வெட்டி, பந்தின் மேற்பரப்பை நான்கு பட்டைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு பட்டையும் ஆரஞ்சுச் சுளையின் வெளிப்புறம் போல, நடுவில் அகன்று இரு முனையிலும் கூராக இருக்கும். அதனால் இதைச் சுளை என்றே சொல்கிறேன். ஒரு சுளையின் முனைக் கோணம் A டிகிரி என்றால், அதன் பரப்பு முழுக் கோளப் பரப்பில் 360-இல் A பங்கு. முனைக் கோணம் 90° என்றால் கால் பந்து, 180° என்றால் அரைப் பந்து. ஒரு சுளைக்கு நேர் எதிரே அதே அளவில் இன்னொன்று இருக்கும். அந்த ஜோடியின் பரப்பு, கோளத்தில் 180-இல் A பங்கு.

இப்போது மூன்றாவது ரப்பர் பேண்டையும் மாட்டுங்கள், ஏற்கெனவே இருக்கும் வெட்டுப் புள்ளிகள் வழியாகப் போகாதபடி. பந்து எட்டு முக்கோணங்களாகப் பிரிந்துவிடும். அதில் ஒன்றை நம் முக்கோணமாக வைத்துக்கொள்வோம். அதன் கோணங்கள் A, B, C. பந்தின் மறுபுறத்தில் அதற்கு நேர் எதிரே, அதே அளவுள்ள ஒரு முக்கோணம் இருக்கும். மிச்சம் ஆறு.

A கோணத்துக்குரிய சுளையை விரலால் தடவிப் பாருங்கள். அதில் இரண்டு முக்கோணங்கள் இருக்கின்றன. ஒன்று நம்முடையது, இன்னொன்று, A-க்கு எதிர்ப்பக்கத்தைத் தாண்டி இருக்கும் பக்கத்து முக்கோணம். B, C சுளைகளும் அப்படியே: நம் முக்கோணமும் அடுத்த ஒரு பக்கத்து முக்கோணமும். மூன்று சுளைகளிலும் நம் முக்கோணம் இருக்கிறது, பக்கத்து முக்கோணங்கள் மூன்றும் ஒவ்வொரு முறை வருகின்றன. எதிர்ப்புறச் சுளைகள் மூன்றிலும் இதே கதைதான்.

ஆக ஆறு சுளைகளும் சேர்ந்தால் பந்து முழுவதையும் மூடிவிடும். ஆனால் சமமாக மூடாது. ஆறு முக்கோணங்களின் மேல் ஓர் அடுக்கு. நம் முக்கோணத்தின் மேலும் அதன் எதிர் முக்கோணத்தின் மேலும் மூன்று மூன்று அடுக்கு. அதாவது, பந்தை ஒருமுறை மூடியதுபோக, நம் முக்கோணம் இரண்டு தடவையும் எதிர் முக்கோணம் இரண்டு தடவையும் கூடுதலாக மூடப்பட்டிருக்கிறது. கூடுதல், நம் முக்கோணத்தின் பரப்பைப்போல் நான்கு மடங்கு. முழுக் கோளப் பரப்பு S, முக்கோணத்தின் பரப்பு T என்று வைத்தால்:

```
(A + B + C) / 180 × S = S + 4T

A + B + C = 180 + 720 × (T / S)
```

இதில்தான் விஷயமே இருக்கிறது. மூன்று சுளை ஜோடிகளின் கோணங்கள் சரியாக 180° கூடினால், அவற்றின் மொத்தப் பரப்பு ஒரு கோளப் பரப்புக்குச் சரியாக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று படியாமல் மூடினால்தான் அது போதும். ஆனால் முக்கோணம் என்று ஒன்று இருக்கும்வரை சுளைகள் அதன் மேல் படிந்தே ஆகவேண்டும். அந்தப் படிவுக்கு வேண்டிய பரப்பு உபரிக் கோணத்திலிருந்துதான் வருகிறது. எனவே உபரி என்பது முக்கோணம் கோளத்தில் எத்தனை பங்கு இடம் பிடித்திருக்கிறது என்பதன் அளவு. அதன் வடிவம் எப்படி என்பது பொருட்டே இல்லை. நாம் தொடங்கிய முக்கோணம் கோளத்தில் எட்டில் ஒரு பங்கு, 720-ஐ எட்டால் வகுத்தால் 90, கூட்டுத்தொகை 270°. முக்கோணத்தை ஊதிப் பெரிதாக்கி அரைக் கோளம் வரை கொண்டுபோனால் உபரி 360°, கூட்டுத்தொகை 540°. அப்போது மூன்று கோணமும் 180° ஆகி, முக்கோணம் ஒரு பெருவட்டமாகவே விரிந்துவிடும்.

இன்னொரு விளைவும் இருக்கிறது. தாளில் ஒரு முக்கோணத்தை இரட்டிப்பாக்கினால் கோணங்கள் மாறாது. கோளத்தில் அது நடக்காது. பரப்பு கூடினால் உபரியும் கூடவேண்டும், அதனால் கோணங்கள் மாறியே தீரும். ஒரே கோளத்தில் வடிவொத்த, ஆனால் அளவு வேறான இரண்டு முக்கோணங்கள் இருக்கவே முடியாது. மூன்று கோணங்களைச் சொன்னாலே முக்கோணத்தின் அளவையும் சொல்லியாகிவிட்டது.

அட்சரேகை விஷயத்துக்கு வருவோம். வட துருவத்திலிருந்து அதே இரண்டு தீர்க்கரேகைகளில் இறங்கி, இம்முறை 60° வடக்கு அட்சரேகையில் நின்றுவிட்டு, அந்த அட்சரேகையையே மூன்றாவது பக்கமாக எடுத்தால் என்ன? அதுவும் தீர்க்கரேகையைச் செங்குத்தாகத்தான் வெட்டுகிறது. மறுபடி மூன்று 90°, மறுபடி 270°. ஆனால் இந்த முக்கோணம் முந்தையதைவிட எவ்வளவோ சிறியது. உபரி மட்டும் குறையாமல் நிற்கிறது. தேற்றம் பொய்யா? இல்லை. 60° அட்சரேகை பெருவட்டம் அல்ல; அதன் மேல் நடப்பவர் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் வடக்கே திரும்பிக்கொண்டே இருக்கவேண்டும். அதே இரண்டு புள்ளிகளை உண்மையான குறுகிய வழியால் இணைத்தால் அந்தக் கோடு அட்சரேகைக்கு வடக்கே வளைந்து போகும். அப்போது கீழ்க்கோணங்கள் 90° இல்லை, சுமார் 49.1° ஒவ்வொன்றும். கூட்டுத்தொகை ஏறக்குறைய 188.2°. உருண்டையில் அச்சிட்டிருக்கும் கோடுகளைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

இவையெல்லாம் கண்டம் அளவு முக்கோணங்கள். நாம் தரையில் வரையும் முக்கோணத்தில் இது ஏன் தெரிவதில்லை? பூமியின் மொத்தப் பரப்பு சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர். ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு விகலை. 720° என்பது 25,92,000 விகலை. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், சுமார் 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை உபரி என்று கணக்கு வருகிறது. தமிழ்நாட்டின் பரப்பளவு 1,30,058 சதுர கிலோமீட்டர்; அத்தனை பெரிய முக்கோணம் போட்டாலும் உபரி 660 விகலையைச் சற்றுத் தாண்டும், அதாவது ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. விளையாட்டு மைதானத்தில் போடும் முக்கோணத்தில் எந்தக் கருவிக்கும் இது தட்டுப்படாது.

நில அளவையாளர்களுக்கு மட்டும் தட்டுப்பட்டது. அவர்களில் நன்றாகப் பதிவான ஒரு முக்கோணத்தைப் பார்க்கலாம். 1820-களில் கணிதமேதை கார்ல் ஃப்ரெடரிக் காஸ், ஜெர்மனியின் ஹனோவர் அரசுக்காக நில அளவை செய்தார். அதில் பெரிய முக்கோணத்தின் உச்சிகள் மூன்று மலைகள்: ஹோஹென்ஹாகன், ப்ராக்கன், இன்ஸெல்ஸ்பெர்க். பக்கங்கள் ஏறக்குறைய 69, 85, 107 கிலோமீட்டர். அத்தனை தூரத்தில் ஒரு கம்பம் நட்டால் தெரியாது. அதற்காகக் காஸ் 1821-இல் ஹீலியோட்ரோப் என்ற கருவியை உருவாக்கினார். ஒரு சிகரத்தில் கண்ணாடி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும், அடுத்த சிகரத்தில், கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டின் தொலைநோக்கியில் அது ஒரு ஒளிப்புள்ளியாகத் தெரியும்.

இப்போது கணக்கு. ஹோஹென்ஹாகனில் இருந்த கோணம் சுமார் 86° 14'. அதைத் தாங்கும் பக்கங்கள் 69-உம் 85-உம். முக்கோணத்தின் பரப்பு 69 × 85-இல் பாதி, அதைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் சுமார் 2,926 சதுர கிலோமீட்டர். 197-ஆல் வகுத்தால் உபரி 14.9 விகலைக்குப் பக்கத்தில். காஸ் துல்லியமாகக் கணக்கிட்டதில் வந்தது 14.85. அவர் அளந்த மூன்று கோணங்களைக் கூட்டினாலும் 180°க்கு மேல் ஏறக்குறைய அவ்வளவே வருகிறது. வித்தியாசம் ஒரு விகலைக்கும் குறைவு.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். எழாவிட்டால் நாம் இதை முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். ஒளி மலையிலிருந்து மலைக்குப் பூமியின் மேற்பரப்பை ஒட்டி வளைந்து போகவில்லை. காற்றில் ஏற்படும் சிறு விலகலை விட்டுவிட்டால் அது நேராகத்தான் போகிறது. மூன்று சிகரங்கள், மூன்று நேரான ஒளிக்கதிர்கள். அது சாதாரணத் தட்டையான முக்கோணம். அதன் கோணங்கள் 180°தான் கூடவேண்டும். பிறகு அந்த 15 விகலை எங்கிருந்து வந்தது?

தியோடலைட்டை நிறுத்தும் விதத்திலிருந்து வந்தது. அளக்கும் முன் கருவியின் கோண வட்டத்தை ரசமட்டத்தால் கிடைமட்டமாக்குவார்கள். தூக்குக் குண்டு தொங்கும் திசைக்குச் செங்குத்தாக வட்டம் நிற்கும். தொலைநோக்கி மேலும் கீழும் சாய்ந்தாலும், வட்டத்தில் படிக்கும் கோணம் கிடைமட்டத் தளத்தில் விழும் கோணமே. ஆனால் ப்ராக்கனில் தூக்குக் குண்டு தொங்கும் திசையும் இன்ஸெல்ஸ்பெர்கில் தொங்கும் திசையும் ஒன்றல்ல. இரண்டும் பூமியின் மையத்தை நோக்கித் தொங்குவதால் 107 கிலோமீட்டர் தூரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி விலகியிருக்கும். மூன்று மலைகளில் மூன்று வேறு கிடைமட்டங்கள். ஒவ்வொரு மலையிலும் அளந்த கோணம், தட்டை முக்கோணத்தின் கோணம் இல்லை. ஒளிக்கதிர்களின் வழியாகச் செங்குத்துத் தளங்களை இறக்கினால் அவை கோளத்தில் வெட்டும் பெருவட்டங்களுக்கு இடையிலான கோணம். ரசமட்டம் வைத்த கணத்திலேயே முக்கோணம் தட்டையிலிருந்து கோளத்துக்கு மாறிவிடுகிறது.

காஸ் இந்த அளவையால் விண்வெளியே வளைந்ததா என்று சோதித்தார் என ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. அவர் மனத்தில் அப்படி ஓர் எண்ணம் இருந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 14.85 விகலை விண்வெளியைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அது பூமியின் உருண்டையைப் பற்றியது. விண்வெளி பற்றி ஏதாவது இருந்திருந்தால், இதைக் கழித்த பிறகு மிஞ்சும் வித்தியாசத்தில்தான் இருந்திருக்கும். அந்த மிச்சமோ அளவைப் பிழைக்குள் அடங்கிவிட்டது.

இந்த உபரியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன? ஒவ்வொரு கோணத்திலும் ஐந்து விகலை தவறு என்றால் 107 கிலோமீட்டர் முடிவில் சுமார் 2.6 மீட்டர் தள்ளிப் போய்விடும். முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுவதும் சங்கிலி கட்டும்போது அது கூடிக்கொண்டே போகும். அதற்காக ஒவ்வொரு முக்கோணத்தையும் கோளத்துக்கான கடினமான சூத்திரங்களால் தீர்க்கவேண்டியதில்லை. 1787-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்த்ர் ஓர் எளிய வழி தந்தார்: உபரியை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு கோணத்திலிருந்தும் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். பக்கங்களின் நீளத்தை மாற்றாமல், சாதாரணத் தட்டை முக்கோணமாகத் தீர்க்கலாம். பூமியின் அளவோடு ஒப்பிட முக்கோணம் சிறியதாக இருக்கும்வரை இது போதுமான துல்லியம் தரும்.

பரப்பு தெரிந்தால்தான் உபரி தெரியும், உபரி தெரிந்தால்தான் பக்கமும் பரப்பும் தெரியும் என்று இதில் ஒரு சுழல் இருப்பதுபோலத் தோன்றும். நடைமுறையில் அது தொந்தரவு தருவதில்லை. 40 கிலோமீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தின் உபரி மூன்றரை விகலைதான். அதன் பரப்பில் நூற்றுக்கு ஒன்று தவறினாலும் உபரியில் தவறு 0.035 விகலை. முதலில் தட்டை என்று வைத்துத் தோராயமாகப் பரப்பைப் போட்டாலே போதும்.

உபரி முன்கூட்டியே தெரிவதால் அளவையாளருக்கு ஒரு பெரிய வசதி கிடைத்தது. மூன்று கோணங்களையும் அளந்து கூட்டி, 180°-ஐயும் உபரியையும் கழித்தால் மிஞ்சுவது முழுக்க முழுக்கப் பிழைதான். அது ஓரிரு விகலைக்குள் இருந்தால் நிம்மதி. பத்து விகலை என்றால் கருவியிலோ பார்வையிலோ ஏதோ கோளாறு. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்து தென்னிந்தியாவின் குறுக்கே முக்கோணச் சங்கிலியைத் தொடங்கியபோது இந்தச் சோதனையும் கூடவே வந்தது. அரை டன் எடையுள்ள அவருடைய பெரிய தியோடலைட் 1808-இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது மோதி, அதன் கோண வட்டம் நெளிந்துபோனது. அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதை நிமிர்த்தினார். வட்டம் நெளிந்திருந்தால் கோணம் தவறும். தவறினால் முக்கோணம் கணக்கிட்ட உபரிக்கு மேலோ கீழோ போய் நிற்கும், அதை மறைக்க முடியாது.

கடைசியாக ஒரு வரம்பு. பூமி முழுமையான கோளம் இல்லை, துருவங்களில் சற்றுத் தட்டையானது. அப்படியிருக்க உபரியை மூன்று கோணத்துக்கும் சமமாகப் பிரிப்பது சரியா? காஸ் 1827-இல் வளைபரப்புகள் பற்றி எழுதிய ஆய்வில் தன் மூன்று மலைகளுக்கே இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். துருவங்களில் தட்டையான இந்த வடிவத்தை வைத்துப் போட்டால் ஒவ்வொரு கோணத்திலும் கழிக்கவேண்டியது ஹோஹென்ஹாகனில் 4.95113, ப்ராக்கனில் 4.95104, இன்ஸெல்ஸ்பெர்கில் 4.95131 விகலை. சமமாகப் பிரித்தால் வருவது 4.95116. வித்தியாசம் நான்காவது தசம இடத்தில் இருக்கிறது. அவர் கையில் இருந்த கருவி ஒரு விகலையைப் பிடிக்கவே திணறியது.